மூன்று நாள் சரியாகச் சொன்னவர் நாலாவது நாள் பணம் கேட்டால்

"நாளைக்கு ஏ போர்டில் 7 விழும். பணம் எதுவும் வேண்டாம், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்."

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இருப்பவர்களின் போனுக்கு இப்படி மெசேஜ் வருவது புதிதல்ல. கம்பம், பொள்ளாச்சி, மார்த்தாண்டத்திலும் இதே கதைதான். எல்லை தாண்டினால் கேரள லாட்டரிச் சீட்டு சட்டப்படி விற்கிறது. இந்தப் பக்கம் 2003 முதல் தடை. தடை இருந்தாலும் ஆசை போய்விடவில்லை. அந்த ஆசையை நம்பித்தான் "கெஸ்ஸிங் நம்பர்" விற்கும் டெலிகிராம் சேனல்களும், "விஐபி குரூப்"களும், "லாட்டரி சாஃப்ட்வேர்"களும் பிழைக்கின்றன.

லாட்டரி நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. எண்ணை முன்கூட்டியே சொல்கிறேன் என்று ஒருவர் பணம் கேட்கும்போது, கொடுப்பதற்கு முன்பே அது ஏமாற்று என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் விஷயம். பெரிய படிப்பு தேவையில்லை. பள்ளிக்கூடக் கணக்கும் கொஞ்சம் சந்தேகப் புத்தியும் போதும்.

பழக்கமில்லாதவர்களுக்காக இந்த "போர்டு" என்னவென்று சொல்லிவிடுகிறேன். கேரள அரசு லாட்டரித் துறை தினமும் ஒரு குலுக்கல் நடத்துகிறது. முதல் பரிசுச் சீட்டில் இரண்டு எழுத்தும் ஆறு இலக்கமும் இருக்கும். அந்த ஆறில் கடைசி மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, முதலாவதுக்கு ஏ, நடுவிலிருப்பதற்கு பி, கடைசிக்கு சி என்று பெயர் வைத்து, தனியார் ஆட்கள் துண்டுச் சீட்டிலும் வாட்ஸாப்பிலும் பந்தயம் எழுதுகிறார்கள். நம் ஊர்ச் செய்திகளில் வரும் "மூன்று நம்பர் லாட்டரி" இதுதான். இதற்கும் கேரள அரசுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர்கள் குலுக்கும் எண்ணை இவர்கள் இரவல் வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். 1998-ஆம் ஆண்டின் மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டமே, முன்கூட்டி அறிவித்த எண்ணுக்கோ ஒற்றை இலக்கத்துக்கோ பரிசு தரக்கூடாது என்கிறது. ஆகவே "ஏ போர்டு 7" என்று யாராவது பேச ஆரம்பித்தாலே, அரசு லாட்டரிக்கு வெளியே நடக்கும் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருநாள் போனை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல கணக்கு வேலை பார்க்கிறவரு. இதப் பாத்துச் சொல்லுங்க. இவன் மூணு நாளு சொன்னான், மூணு நாளும் அப்படியே விழுந்திருக்கு. நாலாவது நாளைக்கு 5,000 கேக்கான்."

"மெசேஜ் குரூப்ல வந்துச்சா அண்ணாச்சி, உங்களுக்கு மட்டும் தனியா வந்துச்சா?"

"தனியாத்தான். ரகசியம்லா! குரூப்ல போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிருமே."

அந்த "தனியாத்தான்" என்ற பதிலிலேயே பாதி விடை இருக்கிறது. இப்படி நினைத்துப் பாருங்கள். ஒருவன் கையில் 10,000 போன் நம்பர்கள் இருக்கின்றன. அதைப் பத்துக் கூறாகப் பிரிக்கிறான். முதல் ஆயிரம் பேருக்கு "ஏ போர்டில் 0 விழும்", அடுத்த ஆயிரம் பேருக்கு "1 விழும்" என்று 9 வரை அனுப்பிவிடுகிறான். எந்த எண் விழுந்தாலும் ஆயிரம் பேருக்கு அவன் சொன்னது சரி. மற்ற 9,000 பேரை அவன் மறந்துவிடலாம். அவர்களும் அவனை மறந்துவிடுவார்கள், ஏனென்றால் தவறாகப் போன மெசேஜை யாரும் அண்ணாச்சி மாதிரி எடுத்துக்கொண்டு வந்து காட்டுவதில்லை.

இரண்டாம் நாள் அந்த ஆயிரம் பேரையும் பத்துக் கூறாக்கினால் 100 பேருக்குச் சரியாக வரும். மூன்றாம் நாள் 10 பேர். இந்த 10 பேரும் மூன்று நாள் தொடர்ந்து ஒரு அதிசயத்தைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணால் கண்டது பொய் இல்லை, மூன்றும் குலுக்கலுக்கு முன்பே வந்த மெசேஜ்கள்தான். அவர்களுக்குத் தெரியாதது மற்ற 9,990 பேருக்குப் போன மெசேஜ். பத்துப் பேரும் ஆளுக்கு 5,000 கொடுத்தால் 50,000 ரூபாய். அதிகப் பேருக்கு ஆப்பு வைக்க நினைப்பவன் "0 முதல் 4-க்குள் விழும்", "5 முதல் 9-க்குள் விழும்" என்று இரண்டே கூறாகப் பிரிப்பான். அப்போது மூன்று நாள் கழித்து 1,250 பேர் மிஞ்சுவார்கள். அதிசயம் கொஞ்சம் சிறியது, கூட்டம் பெரியது.

இதில் நம்மைக் கவிழ்ப்பது முட்டாள்தனம் அல்ல. கண்ணால் பார்த்ததை நம்புவது புத்திசாலிகள் செய்யும் காரியம். அண்ணாச்சி கடையில் கடன் கேட்டு வருபவரை எடை போடுவதில் கெட்டிக்காரர். அதனால்தான் சோதித்துப் பார்த்துவிட்டு நம்பினார். சோதனையின் மறுபக்கம் அவருக்குக் காட்டப்படவில்லை.

சரி, எல்லோருக்கும் பொதுவாக ஒரே எண்ணைப் போடும் சேனல்கள்? அங்கே கூறு போட முடியாதே என்று கேட்பீர்கள். அங்கே வித்தை வேறு. "இன்று ஓடும் எண்கள் 2, 5, 8" என்று மூன்று இலக்கம் கொடுப்பார்கள். எந்த போர்டில் என்று சொல்லமாட்டார்கள். ஏ, பி, சி மூன்றில் எங்காவது இந்த மூன்றில் ஒன்று வந்துவிட்டால் மாலையில் பட்டாசுப் படத்தோடு "இன்றும் வெற்றி" என்று பதிவு வரும். கணக்குப் போடுங்கள். ஒரு போர்டில் இந்த மூன்றும் வராமல் இருக்க வாய்ப்பு பத்தில் ஏழு. மூன்று போர்டிலும் வராமல் இருக்க 0.7 × 0.7 × 0.7, அதாவது 0.343. ஆக, கண்ணை மூடிக்கொண்டு எந்த மூன்று இலக்கத்தைச் சொன்னாலும் நூற்றுக்கு 66 நாள் "வெற்றி"தான். நான்கு இலக்கம் சொன்னால் 78. ஐந்து சொன்னால் 87-க்கும் மேல். "எங்கள் கணிப்பு 85 சதவீதம் பலிக்கிறது" என்று ஒரு சேனல் பெருமையடித்தால், முதலில் கேட்க வேண்டியது: எத்தனை இலக்கம் கொடுக்கிறார்கள்? எந்த போர்டு என்று சொல்கிறார்களா? அந்த 85, சும்மா ஊகிப்பவனுக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகவே இருக்கலாம்.

இன்னொன்று, அழிப்பது. தவறாகப் போன பதிவை அட்மின் இரவோடு இரவாக நீக்கிவிட்டால், புதிதாக வருபவர் கண்ணுக்கு வெற்றிகள் மட்டுமே வரிசையாகத் தெரியும். டெலிகிராமில் இதைப் பிடிக்க ஒரு சின்ன வழி உண்டு. பொதுச் சேனலின் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் உண்டு. பதிவின் லிங்க்கை காப்பி எடுத்தால் இப்படி இருக்கும்:

```
t.me/சேனல்பெயர்/1041
t.me/சேனல்பெயர்/1042
t.me/சேனல்பெயர்/1049
```

அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பதிவுகளின் எண் 1042, 1049 என்றால், நடுவில் இருந்த ஆறு போய்விட்டன. ஒரே பதிவில் பல படங்கள் போட்டால் ஒவ்வொரு படமும் ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும் என்பதால், ஒன்றிரண்டு இடைவெளியை வைத்து முடிவு கட்டிவிடக்கூடாது. ஆனால் குலுக்கல் நடந்த நாளெல்லாம் கணிப்பு இருக்க வேண்டிய இடத்தில், வாரத்துக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, எண்களும் தாவித் தாவிப் போகின்றன என்றால் யோசிக்க ஒன்றுமில்லை.

இனி சாஃப்ட்வேர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே போகிறேன்.

விற்பவர் சொல்வது இப்படி: "பத்து வருட ரிசல்ட்டை கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு ரகசிய ஃபார்முலா கண்டுபிடித்திருக்கிறோம். வேண்டுமானால் கடந்த நாட்களின் ரிசல்ட்டைப் போட்டுப் பாருங்கள், அப்படியே வரும்." போட்டுப் பார்த்தால் அப்படியே வரவும் செய்யும்! பொய் இல்லை. எப்படி என்பதை ஒரு கற்பனை வாரத்தை வைத்து நாமே செய்து பார்ப்போம்.

திங்கள் 482, செவ்வாய் 715, புதன் 369, வியாழன் 061 விழுந்ததாக வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமையின் சி போர்டு வேண்டும். இதோ என் ரகசிய ஃபார்முலா: இன்றைய ஏ-வை 5-ஆல் பெருக்கு, சி-யை 3-ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டி அதோடு 9 சேர். வரும் விடையின் கடைசி இலக்கம்தான் நாளைய சி.

திங்கள்: 4 × 5 = 20, 2 × 3 = 6, கூட 9. மொத்தம் 35. கடைசி இலக்கம் 5. செவ்வாய் 715, சி 5. சரி. செவ்வாய்: 35 + 15 + 9 = 59. புதன் 369, சி 9. சரி. புதன்: 15 + 27 + 9 = 51. வியாழன் 061, சி 1. மூன்றும் சரி! இதே ஃபார்முலாவை வியாழனுக்குப் போட்டால் 0 + 3 + 9 = 12, எனவே வெள்ளிக்கிழமை சி போர்டில் 2. அனுப்புங்கள் 999 ரூபாய்.

கொஞ்சம் பொறுங்கள். என்னிடம் இன்னொரு ஃபார்முலாவும் இருக்கிறது. ஏ-வைப் பார்க்கவே வேண்டாம். சி-யை 8-ஆல் பெருக்கி 9 கூட்டினால் போதும். திங்கள் 16 + 9 = 25, சி 5. செவ்வாய் 40 + 9 = 49, சி 9. புதன் 72 + 9 = 81, சி 1. இதுவும் மூன்று நாளும் அச்சுப் பிசகாமல் வருகிறது. வெள்ளிக்கிழமைக்கு என்ன சொல்கிறது? 8 + 9 = 17. அதாவது 7.

கடந்த காலத்தை நூற்றுக்கு நூறு சரியாகச் சொன்ன இரண்டு ஃபார்முலாக்கள், நாளைக்கு வேறு வேறு எண்ணைச் சொல்கின்றன. எதை நம்புவது? அந்த நான்கு எண்களும் நான் மனதில் தோன்றியபடி எழுதியவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குள் எந்த ரகசியமும் கிடையாது.

காரணம் இதுதான். பெருக்கும் எண் இரண்டு, கூட்டும் எண் ஒன்று. ஒவ்வொன்றும் 0 முதல் 9 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆக 1,000 ஃபார்முலாக்கள் சாத்தியம். ஒரு ஃபார்முலா ஒரு நாளைத் தற்செயலாகச் சரியாகச் சொல்ல வாய்ப்பு பத்தில் ஒன்று, மூன்று நாளையும் சொல்ல ஆயிரத்தில் ஒன்று. ஆயிரத்தையும் சோதித்தால் சராசரியாக ஒன்று தேறும். நமக்கு இரண்டு தேறியது. பி போர்டையும் சேர்த்துக்கொண்டால் 10,000 ஃபார்முலாக்கள், நான்கு நாள் சரியாக வரும். முந்தாநாள் எண்ணையும் சீட்டு வரிசையையும் தேதியையும் சேர்த்தால் லட்சக்கணக்கில். கம்ப்யூட்டருக்கு அது கண்சிமிட்டும் நேரம். எத்தனை நாள் பொருந்த வேண்டும் என்று சொன்னால் போதும், அத்தனை நாளுக்குப் பொருந்தும் ஃபார்முலாவை அது தேடித் தந்துவிடும். நாளைக்கான எண்ணைச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு மட்டும் பத்தில் ஒன்றாகவே நிற்கும். குலுக்கல் இயந்திரத்துக்கு நேற்று என்ன விழுந்தது என்பது ஞாபகமில்லை.

எனவே "பழைய ரிசல்ட்டுக்குப் பொருந்துகிறது" என்பதை ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். சாஃப்ட்வேர் விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே. வரப்போகும் முப்பது குலுக்கலுக்கு, நாளுக்கு ஒரு போர்டு, ஒரே இலக்கம், பிற்பகல் 3 மணிக்கு முன் எழுதித் தரட்டும். தற்செயலாகவே மூன்று முறை சரியாக வரும். நாலைந்து வந்தாலும் வியக்க ஒன்றுமில்லை. விற்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பேச்சுக்கே வரமாட்டார்கள். "நம்பிக்கை இல்லாதவர்களுக்கு விற்பதில்லை" என்று கோபித்துக்கொள்வார்கள்.

சாஃப்ட்வேரில் வண்ண வண்ணமாக ஒரு பட்டியலும் வரும்: "நீண்ட நாள் வராத எண்கள்". சி போர்டில் 6 வந்து முப்பது நாளாகிறது, எனவே இப்போது வந்தே தீரும் என்று அர்த்தம் சொல்வார்கள். ஒரு இலக்கம் முப்பது நாள் வராமல் இருக்க வாய்ப்பு சுமார் 4 சதவீதம், அபூர்வம்தான். ஆனால் மூன்று போர்டு, போர்டுக்குப் பத்து இலக்கம் என்று முப்பது வரிசைகளை ஒரே நேரத்தில் கவனிக்கிறீர்கள். எந்த நாள் எடுத்துப் பார்த்தாலும் சராசரியாக ஒன்றாவது அப்படிக் காணாமல் போயிருக்கும். விற்பதற்குச் சரக்கு தீரவே தீராது.

"இவ்வளவு தெரிந்தவர் தானே வாங்கிக் கோடீஸ்வரர் ஆகலாமே?" என்ற கேள்வி எல்லோருக்கும் தோன்றும். விற்பவர்களுக்கும் அது தெரியும், பதிலை முன்பே தயாராக வைத்திருப்பார்கள். "நான் லாட்டரித் துறையில் வேலை பார்க்கிறேன், என் பெயரில் வாங்க முடியாது" என்பது ஒன்று. இந்தப் பதிலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் குலுக்கலைத் திருகிய கதைகள் உலகத்தில் உண்மையாகவே உண்டு. 1980 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மூன்று இலக்கக் குலுக்கலில் 666 விழுந்தது. நிகழ்ச்சியை நடத்திய டிவி அறிவிப்பாளர் நிக் பெர்ரியும் கூட்டாளிகளும் 4, 6 தவிர மற்ற எல்லாப் பந்துகளுக்குள்ளும் ஊசியால் பெயின்ட் ஏற்றிக் கனமாக்கியிருந்தார்கள். இயந்திரத்தையே கெடுத்த அவர்களுக்கும் ஒரே எண் தெரிந்திருக்கவில்லை. 4-ஐயும் 6-ஐயும் வைத்து வரக்கூடிய எட்டு எண்களையும் வாங்க வேண்டியிருந்தது. அந்த எட்டின் மீது வழக்கத்துக்கு மாறாகக் குவிந்த பணம்தான் சந்தேகத்தைக் கிளப்பியது. அண்மைக் காலத்தில் எடி டிப்டன் என்ற அமெரிக்க லாட்டரி அமைப்பின் பாதுகாப்பு அதிகாரி, எண்ணைத் தேர்ந்தெடுக்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயே தன் புரோகிராமை நுழைத்து, வருடத்தில் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டும் விடையை ஊகிக்க முடியும்படி செய்து பிடிபட்டார். இரண்டிலும் கவனிக்க வேண்டியது, உண்மையாகவே தெரிந்தவர்கள் அதை வெளியாளுக்குச் சொல்லாமல் மறைக்கத்தான் பாடுபட்டார்கள். 499 ரூபாய்க்கு டெலிகிராமில் யாரும் விற்கவில்லை.

இப்போதைய புது மோஸ்தர், "முன்பணம் வேண்டாம், விழுந்தால் மட்டும் பரிசில் பத்து சதவீதம் கொடுங்கள்." கேட்க நியாயமாக இருக்கிறதே என்று அண்ணாச்சிகூடச் சொன்னார். ஆயிரம் பேருக்கு 000 முதல் 999 வரை ஆளுக்கொரு எண் கொடுத்தால் ஒருவருக்குக் கட்டாயம் விழும். சீட்டுக் காசு போட்டது ஆயிரம் பேர், கமிஷன் வாங்குவது அவன். அவன் பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. அதோடு, அந்த ஒருவர் அடுத்த மாதம் முழுவதும் அவனுக்கு விளம்பரம் செய்வார், அதுவும் மனதார.

சாஃப்ட்வேர் என்ற பெயரில் வாட்ஸாப்பில் ஏபிகே ஃபைல் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லை. நிறுவும்போது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டால், அதன் கண் லாட்டரி மேல் இல்லை, உங்கள் வங்கி ஓடிபி மேல். கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. ஆன்லைனில் கேரள லாட்டரி விற்பதாகச் சொல்லும் செயலி எதுவானாலும் போலி.

பணம் போன பிறகு இன்னொரு தொல்லை உண்டு. தமிழ்நாட்டில் தடை செய்த ஆட்டம் என்பதால், புகார் கொடுக்கப் போனால் நம்மையே கேள்வி கேட்பார்களோ என்று பலர் வாய்திறப்பதில்லை. ஏமாற்றுபவன் நம்பியிருப்பதும் அதைத்தான். சிலரை அவனே திரும்ப அழைத்து, "பரிசு விழுந்துவிட்டது, வரி கட்டினால் அனுப்புகிறேன்" என்று இரண்டாவது முறையும் கறப்பான். எண் சொல்லித் தருவதாகப் பணம் பறித்தது மோசடி, அதைப் புகாராகச் சொல்லலாம். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள், இல்லையென்றால் cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண்ணும், அவன் அனுப்பிய மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும். பணம் அவன் கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க வழியிருக்கும், அதனால் திட்டித் தீர்ப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சேனலை பிளாக் செய்வதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து முடித்த பிறகுதான்.